ஃபேஸ்புக் கணக்கு முடங்கினால் அப்பீல் எப்படிப் போகும்

"சார், காலையில் ஃபேஸ்புக்கைத் திறந்தால் We suspended your account என்று வருகிறது. 180 நாள் இருக்கிறதாம். நான் தப்பாக எதுவும் போட்டதாக நினைவில்லை. ஈரோட்டில் எங்கள் துணிக்கடைக்கு ஆர்டர் எல்லாம் இதில்தான் வருகிறது. என்ன காரணமாக இருக்கும்? அப்பீல் கொடுத்தால் என்ன நடக்கும், எத்தனை நாள் ஆகும்? அதுவும் தோற்றுவிட்டால் வேறு வழி உண்டா?"

முதலில் அந்தத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அப்பீல் பட்டனை இப்போதைக்குத் தொட வேண்டாம். பெரும்பாலும் மறுபரிசீலனை ஒரே தடவைதான் கிடைக்கும். பதற்றத்தில் பழைய போன் நம்பரையும் பொருந்தாத அடையாள அட்டையையும் கொடுத்து அந்த ஒரு வாய்ப்பை வீணாக்கியவர்கள் நிறையப் பேர். 180 நாள் தாராளமான அவகாசம். மார்ச் 1 அன்று செய்தி வந்திருந்தால் ஆகஸ்ட் 28 வரை நேரம் இருக்கிறது. ஒரு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் தயார் செய்துகொண்டு போவதால் எதுவும் கெட்டுவிடாது. யாரோ கணக்குக்குள் நுழைந்துவிட்டார்கள் என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் இந்த யோசனை மாறும். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஸ்கிரீன்ஷாட்டை நிதானமாகப் படியுங்கள். "அக்கவுண்ட் போச்சு" என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொன்னாலும் திரையில் வருவது வேறு வேறு செய்தி. உங்கள் கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது, நீங்கள்தான் என்று உறுதிப்படுத்துங்கள் என்று வந்தால் அது பாதுகாப்புப் பூட்டு. புதிய ஊரிலிருந்தோ புதிய போனிலிருந்தோ நுழைந்தால்கூட வரும், ஓடிபி போட்டால் திறந்துவிடும். பதிவு போட முடியாது, ஆனால் உள்ளே போய்ப் பார்க்க முடிகிறது என்றால் அது கட்டுப்பாடு, நாள் கழிந்ததும் தானே விலகும். உங்களுக்கு வந்திருப்பது மூன்றாவது வகை, suspended. கணக்கு யார் கண்ணுக்கும் தெரியாது, உங்களாலும் பயன்படுத்த முடியாது, ஆனால் அழிக்கப்படவில்லை. 180 நாளுக்குள் நீங்கள் எதுவும் செய்யாவிட்டாலும், அப்பீல் தோற்றாலும் அடுத்த கட்டம் disabled. அதுதான் நிரந்தரம்.

சரி, காரணம். அந்தத் திரையில் ஒரே ஒரு வரி இருக்கும். உங்கள் கணக்கோ அதன் செயல்பாடோ எங்கள் விதிகளுக்குப் பொருந்தவில்லை என்று சொல்லி, எந்த விதி என்பதையும் குறிப்பிட்டிருப்பார்கள். எந்தப் பதிவு என்று சில சமயம்தான் காட்டுவார்கள். இதைத்தான் "காரணமே சொல்லவில்லை" என்று மக்கள் குறைப்படுகிறார்கள். ஆனால் அந்த விதியின் பெயர் பாதி வழியைக் காட்டிவிடும். account integrity என்று இருந்தால் நீங்கள் போட்ட பதிவுகளில் குற்றம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அவர்கள் கேட்பது "நீ என்ன எழுதினாய்" என்பதில்லை, "நீ யார்" என்பது.

நம் ஊர்க் கடைக்காரர்கள் அதிகம் மாட்டுவது இந்த இடத்தில்தான். ஃபேஸ்புக்கில் ஆளுக்கு ஒரு கணக்கு, நிறுவனத்துக்குத் தனியாகப் பேஜ் என்பது விதி. நம்மில் பலர் கடையின் பெயரிலேயே ஒரு ப்ரொஃபைல் தொடங்கி, பெயர்ப்பலகையைப் படமாக வைத்து, ஐயாயிரம் நண்பர்களைச் சேர்த்துவிடுகிறோம். ஐயாயிரம்தான் உச்ச வரம்பு என்பதால் அது நிரம்பியதும் இன்னொன்று தொடங்குகிறோம். பார்க்கிற இயந்திரத்துக்கு அது ஒரு போலி மனிதரும் அவருடைய நகலும். வருடக்கணக்கில் கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டு ஒரு நாள் தூக்குவார்கள். அதனால்தான் "நேற்றுவரை நன்றாக இருந்ததே" என்ற குழப்பம்.

பிறந்த தேதி இன்னொரு வேடிக்கை. பதிவு செய்யும்போது கடை திறந்த நாளைப் பிறந்த நாளாகப் போடுகிறவர்கள் உண்டு. ஆசையாகத்தான் போடுகிறார்கள். 13 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் கணக்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்ற விதிப்படி பார்த்தால் உங்கள் கடை பள்ளிக்கூடம் போகிற குழந்தை. இன்ஸ்டாகிராமிலும் இதே கதைதான். கடைக்கான கணக்காக இருந்தாலும் நடத்துகிற ஆளின் பிறந்த தேதியைத்தான் கேட்கிறார்கள்.

அப்புறம் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பதிவுப் படிவமோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பெட்டி வைத்திருக்கும். ஒருவர் அப்பா பெயரைப் போடுவார், ஒருவர் ஊர்ப் பெயரைப் போடுவார், ஒருவர் கணவர் பெயர். பான் அட்டையில் இனிஷியல் விரிந்து அப்பா பெயர் முழுதாக இருக்கும், ஓட்டுநர் உரிமத்தில் வெறும் S. இதனால் மட்டும் கணக்கு முடங்குவது குறைவு. ஆனால் வேறு காரணத்தால் முடங்கி, அடையாள அட்டை கேட்கும்போது இந்தப் பொருத்தமின்மை காலை வாரிவிடும்.

பதிவுகளால் முடங்குவது வேறு தடம். சாதாரண மீறல்களுக்கு ஃபேஸ்புக் புள்ளி வைத்துக்கொண்டே வரும். 2023 பிப்ரவரியில் அந்த முறையை மாற்றினார்கள். முதல் தடவை எச்சரிக்கை, ஆறு வரைக்கும் சில வசதிகளில் மட்டும் தடை, ஏழாவதில் ஒரு நாள் எதுவும் போட முடியாது, பிறகு மூன்று நாள், ஏழு நாள், பத்தாவதில் 30 நாள். ஒரு வருடம் போனால் புள்ளி அழிந்துவிடும். ஆகவே ஏதோ ஒரு கிண்டல் மீம் போட்டதற்காகத் திடீரென்று கணக்கே போவது வழக்கமில்லை. படிப்படியான எச்சரிக்கைகள் முன்பே வந்திருக்கும்.

இதற்கு விலக்கு உண்டு. சில விஷயங்களில் ஒரே தடவையில் கணக்கு போகும். குழந்தைகள் சம்பந்தப்பட்ட ஆபாசம் அதில் தலையாயது. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. பச்சைக் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் படத்தை நம் வீடுகளில் சர்வ சாதாரணமாகப் பகிர்கிறோம். பெற்றோரே போட்டாலும் ஆடையில்லாத குழந்தைப் படத்தை அவர்கள் அனுமதிப்பதில்லை. ஆபத்தான அமைப்புகள் என்று அவர்கள் வைத்திருக்கும் பட்டியல் இன்னொன்று. விடுதலைப் புலிகள் அதில் இருப்பதால், நவம்பர் கடைசியில் பிரபாகரன் படம் போட்டுப் பதிவு நீக்கப்பட்டவர்களும் கணக்கை இழந்தவர்களும் தமிழ்நாட்டிலும் புலம்பெயர்ந்த தமிழர்களிடையேயும் உண்டு. சரியா தவறா என்று இங்கே வாதிட வரவில்லை. அந்த வகையில் முடங்கிய கணக்கின் அப்பீலில் அடையாள அட்டையால் பெரிய பயன் இருக்காது என்பதுதான் தெரிந்துகொள்ள வேண்டியது.

இப்போது முன்பு சொல்லி விட்ட இடத்துக்கு வருகிறேன். திரையில் உங்கள் கணக்கைச் சொல்லாமல், "உங்கள் இன்ஸ்டாகிராம் கணக்கு இன்னது விதியை மீறியதால் இதையும் நிறுத்தினோம்" என்று, நீங்கள் கேள்வியே படாத ஒரு பெயர் இருக்கிறதா? அப்படி இருந்தால் யாரோ உள்ளே நுழைந்திருக்கிறார்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் கணக்குகளை ஒன்றாக இணைத்து வைக்க Accounts Center என்று ஓரிடம் இருக்கிறது. திருடன் உங்கள் ஃபேஸ்புக்குக்குள் வந்து, தன்னிடமுள்ள ஓர் இன்ஸ்டாகிராம் கணக்கை அதில் இணைக்கிறான். அதில் மோசமான ஒன்றைப் போடுகிறான். அது முடங்குகிறது, இணைந்திருப்பதால் உங்களுடையதும் கூடவே முடங்குகிறது. இரண்டடுக்குப் பாதுகாப்பு போட்டிருந்தேனே, எப்படி வந்தான் என்று கேட்பீர்கள். கிராக் செய்த மென்பொருளோ கண்ட எக்ஸ்டென்ஷனோ கணினியில் இறங்கியிருந்தால், நீங்கள் ஏற்கெனவே நுழைந்திருக்கும் அமர்வையே அது தூக்கிக்கொண்டு போய்விடும். பாஸ்வேர்டும் ஓடிபியும் தேவைப்படுவதே இல்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அந்தத் திரை, இணைந்துள்ள இன்ஸ்டாகிராம் கணக்குக்குள் போய் அப்பீல் செய்யச் சொல்லும். அந்தக் கணக்கோ திருடனுடையது, நீங்கள் எப்படிப் போவீர்கள்? இந்த மாதிரி நேரத்தில் தாமதிக்கக் கூடாது. உங்கள் மெயிலில் security@facebookmail.com என்ற முகவரியிலிருந்து கடந்த சில நாட்களில் ஏதாவது வந்திருக்கிறதா என்று தேடுங்கள், ஸ்பேமிலும் பாருங்கள். புதிய கணக்கு இணைக்கப்பட்டது, மெயில் முகவரி மாற்றப்பட்டது என்று வந்திருந்தால், "நான் செய்யவில்லை" என்பதற்கான இணைப்பு அதிலேயே இருக்கும். அது சீக்கிரம் காலாவதியாகிவிடும். அது இல்லையென்றால், நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்திய அதே போனிலிருந்தோ கணினியிலிருந்தோ facebook.com/hacked போங்கள். புதிய போனில் முயன்றால் அங்கே நம்பிக்கை குறைவு. முதலில் மெயில் பாஸ்வேர்டை மாற்றுங்கள், வேறு சுத்தமான கருவியிலிருந்து. விளம்பரத்துக்காக அட்டை இணைத்திருந்தால் வங்கியில் சொல்லி அதை நிறுத்துங்கள். பணம் போயிருந்தால் 1930-க்கு உடனே அழைக்க வேண்டும். பணம் போகவில்லை என்றாலும் cybercrime.gov.in தளத்தில் ஒரு புகார் பதிந்து எண்ணை வாங்கி வையுங்கள். கணக்கைத் திருடியது வேறு ஆள் என்பதற்கு, பிற்பாடு ஃபேஸ்புக்கின் குறைதீர் அதிகாரியிடம் போகும்போது அதுதான் தேதியோடு கூடிய ஆதாரம். இவ்வளவு செய்தாலும் இந்த வகை மீட்பு எளிதில் நடப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உங்களுடையது இந்த வகை இல்லை, ப்ரொஃபைல் கடைப் பெயரில் இருந்தது, விதி account integrity என்று வைத்துக்கொண்டு அப்பீலை முழுதாகப் பார்க்கலாம்.

தயாரிப்பில் மூன்று விஷயம். முதலில் போன் நம்பர். கணக்கில் இருக்கும் நம்பர் இன்னும் உங்களிடம் இருக்கிறதா? ரீசார்ஜ் செய்யாமல் விட்டு நின்றுபோன நம்பரை 90 நாளுக்குப் பிறகு கம்பெனி வேறொருவருக்குக் கொடுத்துவிட முடியும். அப்படிப் போயிருந்தால் அந்த நம்பருக்கு ஓடிபி கேட்கவே கேட்காதீர்கள், அது யாரோ ஒருவர் கைக்குப் போகும். பெரும்பாலும் புதிய நம்பரைக் கொடுக்க அந்தத் திரையிலேயே இடமிருக்கும். ஆனால் வேறு முடங்கிய கணக்கில் பயன்படுத்திய நம்பராக இருக்கக் கூடாது. இரண்டாவது, மெயில். கணக்கில் உள்ள மெயிலை உங்களால் திறக்க முடிகிறதா என்று இப்போதே பாருங்கள். முடிவும் அதில்தான் வரும். மூன்றாவது, அடையாள அட்டை. பெயர், பிறந்த தேதி, படம் மூன்றும் ஒன்றாக உள்ள அட்டை வேண்டும். பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், பான் எதுவானாலும் சரி. ஆதார் மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் UIDAI தளத்தில் மறைக்கப்பட்ட ஆதார் என்று ஒன்று இறக்கிக்கொள்ளலாம். அதில் எண்ணின் முதல் எட்டு இலக்கம் மறைந்து கடைசி நான்கு மட்டும் தெரியும். முழு எண்ணை வெளியே கொடுக்கத் தேவையில்லை.

பிறகு பழைய கருவியில் நுழைந்து, Appeal அல்லது Disagree with decision என்று இருப்பதை அழுத்துங்கள். பதிப்புக்குப் பதிப்பு வார்த்தை மாறும். முதலில் நீங்கள் மனிதர்தான் என்று காட்ட ஓர் எழுத்துப் படம் வரும். அடுத்து போனுக்கு ஒரு எண், மெயிலுக்கு ஒரு எண். அதன் பிறகு முகம். போனை நேரே பிடித்துத் தலையை இடம், வலம், மேலே என்று திருப்பச் சொல்லும் குறும்படம் அது. அந்த வீடியோ யாருக்கும் காட்டப்படாது, 30 நாளுக்குள் அழிக்கப்படும் என்று மெட்டா சொல்கிறது. சிலருக்கு வீடியோவுக்குப் பதில் ஒரு படம் மட்டும் கேட்கும், சிலருக்கு அடையாள அட்டை.

இங்கேதான் கடைப் பெயர் ப்ரொஃபைலுக்கு உள்ள சங்கடம். வீடியோவில் உங்கள் முகம். ப்ரொஃபைலில் பெயர்ப்பலகையும் புடவைப் படங்களும். ஒப்பிட்டுப் பார்க்க அங்கே முகமே இல்லை. ஆகவே அட்டை கேட்கும் வாய்ப்பு அதிகம், அட்டையில் உங்கள் பெயர், ப்ரொஃபைலில் கடையின் பெயர். இதற்கு ஒரே வழி நேர்மைதான். கடைப் பெயரில் போலி அட்டை தயார் செய்து தருகிறோம் என்று ஆட்கள் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகாதீர்கள், மாட்டினால் எல்லாக் கதவும் சாத்தப்படும். உண்மையான அட்டையைக் கொடுங்கள். எழுதுவதற்குப் பெட்டி இருந்தால், இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், மூன்று வரி போதும். இந்தக் கணக்கை நடத்துவது நான், தெரியாமல் கடைப் பெயரில் வைத்துவிட்டேன், அட்டையில் உள்ள என் பெயருக்கு மாற்றிக்கொள்கிறேன், கடைக்குத் தனிப் பேஜ் வைத்துக்கொள்கிறேன். அவ்வளவுதான். பிழைப்பே போய்விட்டது, குழந்தைகள் பசியோடிருக்கிறார்கள் என்று எழுதுவதால் எதுவும் நகராது. பார்ப்பவர் ஒரு விதிக்கும் ஒரு அட்டைக்கும் பொருத்தம் பார்க்கிறார், அதுவும் சில நொடிகள்.

படம் எடுப்பதில் கவனம் வையுங்கள். நான் பார்த்தவரை மறுக்கப்படும் அட்டைகளில் பாதிக்கு மேல் படக் குறைதான். லேமினேஷன் மேல் ட்யூப்லைட் வெளிச்சம் அடித்துப் பெயர் வெள்ளையாகத் தெரியும், அல்லது மூலை வெட்டப்பட்டிருக்கும், அல்லது ஜெராக்ஸை எடுத்த படமாக இருக்கும். பகல் வெளிச்சத்தில், இருண்ட நிறத் துணி மேல் அட்டையை வைத்து, நான்கு மூலையும் தெரிய, மேலிருந்து நேராக எடுங்கள். எடிட் செய்யாதீர்கள், வாட்ஸப்பில் அனுப்பிச் சுருக்கிய படத்தையும் ஏற்றாதீர்கள்.

அனுப்பியபின் தகவல் கிடைத்தது, பார்க்கிறோம் என்று வரும். வழக்கமாக ஒரு நாளுக்குச் சற்று அதிகமாகும் என்பார்கள். அதைக் கெடுவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சிலருக்கு ஒரு மணி நேரத்தில் முடிவு வருகிறது, அப்படி வந்தால் பெரும்பாலும் இயந்திரம் பார்த்தது என்று அர்த்தம். சிலருக்கு வாரங்கள். அந்த நேரத்தில் சும்மா இருக்கத்தான் வேண்டும். தினம் பத்து தடவை நுழைந்து பார்ப்பதும், விபிஎன் போட்டு வேறு நாட்டிலிருந்து முயல்வதும் சந்தேகத்தைத்தான் கூட்டும். எல்லாவற்றிலும் பெரிய தவறு, "இதுக்குள்ள இன்னொண்ணு ஓபன் பண்ணிக்கலாம்" என்று அதே போனில் புதிய கணக்கு தொடங்குவது. முடக்கத்தைத் தவிர்க்கக் கணக்கு தொடங்குவதே தனியொரு விதிமீறல். புதியதும் போகும், பழையதன் அப்பீலும் கெடும்.

இந்த நாட்களில் இன்னொரு கூட்டம் உங்களைத் தேடி வரும். கணக்கு போனதை எங்காவது எழுதினால் போதும், இன்ஸ்டாகிராமில் இன்னாரைத் தொடர்பு கொள்ளுங்கள், எனக்கு அரை மணியில் மீட்டுக்கொடுத்தார் என்று நாலு பேர் சொல்வார்கள். அந்த நாலு பேரும் ஒரே ஆள். பணம் வாங்குவான், பிறகு ஓடிபி கேட்பான், மெயிலும் போகும். மெசஞ்சரில் உங்கள் பேஜ் 24 மணி நேரத்தில் நீக்கப்படும், அப்பீலுக்கு இங்கே அழுத்துங்கள் என்று வருவதும் அதே ரகம்தான். உண்மையான முடக்கம் நீங்கள் நுழையும்போது ஃபேஸ்புக்கின் திரையிலேயே தெரியும். அதை மெசஞ்சரில் யாரும் வந்து சொல்வதில்லை.

ஜெயித்தால் கணக்கு, நண்பர்கள், பழைய பதிவுகள் எல்லாம் இருந்தபடி திரும்பும். பெயர் அட்டையில் உள்ளதற்கு மாறியிருக்கலாம். விளம்பரக் கணக்கு மட்டும் தனியாக முடங்கியிருக்கக்கூடும். அதற்குத் தனி மறுபரிசீலனை உண்டு, ஒன்று திறந்ததால் மற்றது தானாகத் திறக்காது. கடை பேஜ் இருந்து, அதற்கு நீங்கள் ஒருவர் மட்டுமே நிர்வாகி என்றால் உங்கள் ப்ரொஃபைல் முடங்கிய நாளிலிருந்து பேஜை இயக்க ஆளில்லை. வீட்டில் நம்பிக்கையான இன்னொருவரும் நிர்வாகியாக இருந்திருந்தால் வியாபாரம் நின்றிருக்காது. திரும்பியதும் முதலில் அதைச் செய்யுங்கள்.

தோற்றால் We disabled your account என்று வரும், இந்த முடிவை மறுபடி பார்க்கக் கேட்க முடியாது என்ற வரியோடு. அந்தத் திரையிலேயே உங்கள் தகவல்களை இறக்கிக்கொள்ள Download your information என்று இருக்கும். படங்கள், வாடிக்கையாளர் உரையாடல்கள் முதலியவற்றை அங்கேயே எடுத்துவிடுங்கள். உண்மையில் அப்பீல் கொடுப்பதற்கு முன்பே எடுத்து வைப்பது இன்னும் நல்லது, ஏனென்றால் முடிவு வந்தபின் எத்தனை நாள் அந்தக் கதவு திறந்திருக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

அதோடு முடிந்துவிட்டது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். இந்தியாவில் இருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு படி இருக்கிறது. இது வெளியே அதிகம் தெரியாத விஷயம். 2021-ல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஒவ்வொரு பெரிய சமூக ஊடக நிறுவனமும் இந்தியாவில் ஒரு குறைதீர் அதிகாரியை வைத்திருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 24 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், குறித்த நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். விதிகள் வந்தபோது அது 15 நாள். அவருடைய தொடர்புப் படிவம் ஃபேஸ்புக் உதவிப் பக்கங்களில் இருக்கிறது. அதில் கணக்கின் முகவரி, முடங்கிய தேதி, திரையில் சொன்ன விதி, அப்பீல் கொடுத்த தேதி, முடிவு வந்த தேதி, நீங்கள் கேட்பது என்ன என்பதை வரிசையாக எழுதி ஸ்கிரீன்ஷாட்டுகளை இணையுங்கள். முதல் வரியில் ஸ்கிரீன்ஷாட் எடுக்கச் சொன்னதன் காரணம் இதுதான். இந்த விதிகளிலேயே, பெரிய தளங்கள் தாமாக ஒரு பதிவை நீக்கினால் காரணத்தைத் தெரிவித்து, மறுத்துப் பேசப் போதிய வாய்ப்பு தர வேண்டும் என்று நான்காம் விதியின் எட்டாம் உட்பிரிவு சொல்கிறது. பதிவு காரணமாக முடங்கியவர்கள் அதைப் பெயர் சொல்லி எழுதலாம்.

அவர் பதில் திருப்தியில்லை என்றால், அல்லது காலக்கெடுவுக்குள் முடிவே வரவில்லை என்றால், அடுத்தது குறைதீர் மேல்முறையீட்டுக் குழு. 2022 அக்டோபர் திருத்தத்தில் உருவாகி 2023 மார்ச் முதல் இயங்குகிறது, மொத்தம் மூன்று குழுக்கள். எல்லாம் gac.gov.in தளத்திலேயே, டெல்லிக்குப் போக வேண்டியதில்லை, வக்கீலும் வேண்டாம். குறைதீர் அதிகாரியின் பதில் கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் போட வேண்டும். குழுவும் 30 நாளில் முடிக்க முயல வேண்டும் என்பது விதி. நேரே இங்கே வர முடியாது, முதலில் அதிகாரியிடம் போன சான்று வேண்டும். இலங்கையிலோ மலேசியாவிலோ இருந்து இதைப் படிப்பவர்களுக்கு இந்த வழி கிடையாது.

நாள் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். மார்ச் 1 முடக்கம், மார்ச் 5 அப்பீல், மார்ச் 20 தோல்வி என்று வைத்தால், அந்த வாரமே குறைதீர் அதிகாரிக்கு எழுதிவிட வேண்டும். பழைய 15 நாள் கணக்கையே எடுத்தாலும் ஏப்ரல் முதல் வாரத்தில் பதில், மே முதல் வாரத்துக்குள் குழுவிடம் மனு, ஜூன் முதல் வாரம் வாக்கில் முடிவு. ஆகஸ்ட் 28-க்கு முன்னால் எல்லாம் முடிந்துவிடுகிறது. மாறாக ஜூலைவரை சும்மா இருந்துவிட்டுத் தொடங்கினால், குழு பார்க்கும்போது அந்தக் கணக்கில் மீட்க எதுவும் மிஞ்சியிருக்குமா என்பதே சந்தேகம்.

குழுவும் தீர்வு சொல்லாவிட்டால் நீதிமன்றம்தான். ஒரு துணிக்கடைக் கணக்குக்காக அங்கே போவது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தச் செலவுக்குப் புதிதாக, உங்கள் பெயரில் ஒரு ப்ரொஃபைலும் கடைக்கு ஒரு பேஜும் வைத்து, வாடிக்கையாளர்களின் நம்பர்களை ஒரு நோட்டில் எழுதி வைத்து ஆரம்பித்துவிடலாம் என்று சொல்ல வாய் வருகிறது. ஆனால் முடக்கம் நிரந்தரமான பிறகு அதே ஆள் புதிதாக வருவதையும் அவர்கள் ஏற்பதில்லை. அதனால் கடை பேஜை இனி வீட்டில் வேறொருவர், அவருடைய சொந்தக் கணக்கிலிருந்து நடத்தட்டும். உங்கள் போனிலிருந்து அந்தக் கணக்குக்குள் நுழையாதீர்கள்.

ஸ்கிரீன்ஷாட்டில் எந்த விதியின் பெயர் இருக்கிறது, வேறு ஏதாவது இன்ஸ்டாகிராம் பெயர் தெரிகிறதா என்று மட்டும் எனக்கு எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு எந்த அட்டையைக் கொடுக்கலாம் என்று சொல்கிறேன்.